இசைக்கு இல்லாத ஒரு நாள்

1

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி அண்ணன் போனில் அனுப்பியிருந்தார். மெல்போர்னில் நான் மெக்கானிக்காக இருக்கும் பஸ் டிப்போவில் அப்போது டீ நேரம். கையில் கிரீஸ். துடைத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை, என் அண்ணன் பொன்னுசாமியின் ஒரே மகன் தினேஷ். ஊர்ப் பெயர், மண்டபப் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் சரியாக இருந்தன. கீழே ஒரு வரி: ‘இணைச்சீர்: செல்வி இசைவாணி’.

இசைவாணி என் பிள்ளை. ஒரே பிள்ளை.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையை உட்காரவைத்து, அவன் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு சீர் செய்வார்கள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும், மறுமுனை கூடப்பிறந்தவளின் கையில் இருக்கும். சடங்கு நடத்தி வைக்கும் அருமைக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வார். வீட்டுக்கு ஒருத்தி புதிதாக வரப்போகிறாள், ஆனாலும் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள உரிமை போய்விடாது என்று ஊரறியச் சொல்கிற சடங்கு அது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ நிற்பாள். இது இல்லாமல் தாலி ஏறாது.

தினேஷுக்கு அக்கா தங்கை கிடையாது. அவனுக்குச் சித்தப்பா நான் ஒருவன்தான்.

அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, பத்திரிக பாத்தியா சாமி? அம்மிணிய இணைச்சீருக்கு நிறுத்தோணும். வேற ஆளு யாரு இருக்குறாங்க நமக்கு? ஒரு வாரம் முன்னாலயே கூட்டிட்டு வந்துரு.”

“சரிங்ணா” என்றேன்.

அண்ணன் எது சொன்னாலும் சரிங்ணா என்று சொல்லியே வளர்ந்தவன் நான். அவர் இரண்டு போர்வெல் ரிக் வண்டியை வைத்துக்கொண்டு, வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் தூசி தின்று, என்னைப் படிக்க வைத்தவர். சரி என்று சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது.

2

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பாஸ்போர்ட் படிவத்தில்தான் இது ஆரம்பித்தது.

இந்த நாட்டில் எல்லாமே படிவம்தான். பத்தொன்பது வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் எங்கள் டிப்போவின் ஷட்டர் உயரத்துக்கு வரும். அன்று இசையின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்திருந்தோம். பால் என்ற இடத்தில் மூன்று கட்டம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, மூன்றாவதில் எக்ஸ். நான் வழக்கம்போல இரண்டாவதில் பேனாவை வைத்தேன். இசை என் கையைப் பிடித்தார்.

இந்தக் குறிப்பு முழுவதும் இசையை ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். பெற்ற பிள்ளைக்கு மரியாதை விகுதி போடுவது ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

“மூணாவதுப்பா” என்றார் இசை. என் மனைவி வளர்மதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று மூன்று மணி நேரம் பேசினோம். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

“அப்பா, நீங்க ஆம்பளைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒடம்ப வச்சுச் சொல்லாதீங்க. உள்ள எப்படித் தெரியுது?”

“இதென்ன கேள்வி? தெரியும். அவ்வளவுதான்.”

“அந்தத் தெரியறது இருக்கில்ல, அது எனக்கு இல்ல. பொண்ணுன்னும் வரல, பையன்னும் வரல. ரெண்டும் பாதிப் பாதியான்னு பாத்தேன், அதுவும் இல்ல. அந்த எடத்துல ஒண்ணுமே இல்லப்பா.”

இதற்கு ஏஜெண்டர் என்று பெயராம். பாலினம் என்கிற உணர்வே இல்லாதவர். தனக்குப் பாலினம் இல்லை என்று சொல்கிறவரும் உண்டு, அந்தக் கேள்வியே தனக்குப் பொருந்தவில்லை என்று சொல்கிறவரும் உண்டு. நான் பயந்துபோய் உடம்பில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். இல்லை, உடம்பு வேறு, இது வேறு என்றார். பிறக்கும்போதே உடல் ஆண், பெண் என்ற வரையறைக்குள் வராதவர்கள் தனி, அவர்களுக்குப் பெயர் வேறு. யாரைப் பிடிக்கும், யாரைக் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றும் என்பது மூன்றாவது சங்கதி, அதையும் இதோடு கலக்கக் கூடாது. ஒன்றோடு ஒன்றைப் போட்டு நான் குழப்பிய ஒவ்வொரு முறையும் இசை பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தார். டிப்போவில் புதுப் பையனுக்கு நான் ஒயரிங் சொல்லித் தரும்போது எனக்கு இவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

“நம்ம ஊர்ல திருநங்கைங்க இருக்காங்களே, அவங்க மாதிரியா சாமி?” என்று வளர்மதி கேட்டாள்.

“அவங்க பொண்ணுங்கம்மா. பொறந்தப்ப பையன்னு எழுதிட்டாங்க, ஆனா அவங்க பொண்ணு. அவங்களுக்கு அந்தத் தெரியறது இருக்கு, நல்லாவே இருக்கு. எனக்கு அதுதான் இல்ல.”

பிறகு நான்பைனரி என்ற சொல் வந்தது. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தில் ஒன்றுக்குள் மட்டும், எப்போதும், முழுசாக அடங்காத எல்லாரையும் சேர்த்துச் சொல்கிற பொதுப்பெயர் அது. நான் அதைத் தாலுகா என்று புரிந்துகொண்டேன். கெங்கவல்லி தாலுகா என்றால் அது ஒரே ஊர் இல்லை, உள்ளே எத்தனையோ ஊர் இருக்கிறது. ஏஜெண்டர் அதில் ஓர் ஊர். பாலினம் மாறி மாறி வருகிற ஜெண்டர்ஃபுளூயிட் இன்னோர் ஊர். ஒரே தாலுகா என்பதற்காக இந்த ஊர்க்காரர் அந்த ஊர்க்காரராகிவிட மாட்டார். இசை சிரித்துக்கொண்டே, “பரவாயில்லப்பா, ஆனா எல்லாரும் அந்தத் தாலுகாவுல பேரு குடுக்க மாட்டாங்க” என்றார். பாலினமே இல்லை என்கிறபோது என்னை எதற்குப் பாலின வகை ஒன்றில் சேர்க்கிறீர்கள் என்று கேட்கிற ஏஜெண்டர்களும் இருக்கிறார்களாம். இசைக்கு அந்தப் பொதுப்பெயரில் ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது கட்டத்தில் குறி போட்டோம். ‘வாணி’யை அன்றோடு எடுத்துவிட்டு இசை என்று மட்டும் கூப்பிடச் சொன்னார். அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை. சோர்வு. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் புதிது புதிதாக எதையாவது படித்துக்கொண்டே இருக்கிறேன். சொந்தப் பிள்ளையையும் புதிதாகப் படிக்க வேண்டுமா என்று நினைத்தேன். அதை வெளியே சொல்லவில்லை என்பது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம்.

3

இசை இப்போது சிநேகிதரோடு தனி வீட்டில் இருக்கிறார். ரயிலில் நாற்பது நிமிடம். சிநேகிதர் பெயர் ரோவன், ஒரு பேக்கரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு இட்லி சாப்பிட வருவார்கள். ரோவன் எட்டு இட்லி சாப்பிடுவார். வளர்மதிக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும்.

ரோவன் ஜெண்டர்ஃபுளூயிட். அவருடைய பாலினம் ஒரே இடத்தில் நிற்காது. சில நாள் அவர் ஆண், சில நாள் பெண், சில நாள் இரண்டும் இல்லை. அடுத்தவர் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று கையில் ரப்பர் பட்டை போட்டிருப்பார். பச்சை என்றால் ஆண், ஆரஞ்சு என்றால் பெண், வெள்ளை என்றால் எதுவும் இல்லை. ஒரு ஞாயிறு பச்சையோடு வந்தவர், சாம்பார் ஊற்றுவதற்குள் ஆரஞ்சுக்கு மாற்றினார். ஒரு சமயம் ஆறு வாரம் தொடர்ந்து பச்சைதான். உடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை. முரட்டுச் சட்டையும் மூன்று நாள் தாடியுமாக ஆரஞ்சுப் பட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணனுக்குச் சரி என்று சொன்ன அடுத்த ஞாயிறு, ரோவன் வரவில்லை. இசை மட்டும் வந்தார். நான் டிப்போவில் நான்கு நாளாக யோசித்து வைத்திருந்த யோசனையை எடுத்து வைத்தேன். எனக்கு அது மிகவும் கெட்டிக்காரத்தனமான யோசனையாகத் தெரிந்திருந்தது.

“ஒரே ஒரு நாள்தான் இசை. காலைல ஒரு மணி நேரம். ரோவன் சில நாளைக்குப் பொண்ணா இருக்காரே, அந்த மாதிரி நீயும் அன்னைக்கு ஒரு நாளைக்குப் பொண்ணா இருந்துட்டா என்ன? ரெண்டு பேரும் நான்பைனரிதானே?”

இசை தட்டைக் கீழே வைத்தார். “ரோவனுக்கு அந்த மாதிரி நாள் வரும். எனக்கு வராதுப்பா. ஒரு நாள்கூட வராது. மூணு வருஷம் முன்னால இதே மேஜைலதான் சொன்னேன்.”

“சும்மா நிக்கறதுதானே? நடிச்சா என்ன குறைஞ்சு போகுது?”

“எனக்கு எதுவும் குறையாதுன்னா, உங்களுக்கு மட்டும் உண்மையச் சொன்னா என்ன குறையும்?”

கிளம்பிப் போய்விட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் படித்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. இரண்டு வாரம் அப்படிப் போனது. இந்த நாட்டில் பிள்ளைகள் சண்டை போட்டுப் பிரிவது குறைவு. மெதுவாக விலகுவார்கள். முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம், பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். என்னோடு வேலை செய்கிறவர்களில் அப்படிப் பிள்ளையைத் தொலைத்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நிற்கப் போகிறேன் என்று பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வாரம் ரோவன் தனியாக வந்தார். வளர்மதி கொடுத்து அனுப்பிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். வாசலிலேயே நின்றார். கையில் ஆரஞ்சுப் பட்டை.

“என்னை உதாரணம் காட்டினீர்களாம்” என்றார் ஆங்கிலத்தில். “இன்று நான் பெண். நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. காலையில் எழுந்தபோது அப்படி இருந்தது. நாளை மறுநாள் ஒரு முக்கியமான வேலை, அன்று ஆணாக இருந்தால் வசதி என்று நான் கேட்டுக்கொண்டால் வருமா? வராது. யாராவது வேண்டும் என்ற தேதிக்கு மாறிக் காட்ட எனக்கே முடியாது. இசைக்கு மாறுவதற்கு எதுவுமே இல்லை. என்னிடம் இருப்பது நகர்கிறது. இசையிடம் நகர்வதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே பெயரால் கூப்பிடலாம். ஆனால் ஒருவருடைய சட்டையை மற்றவருக்குப் போட முடியாது.”

நான் உள்ளே வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்து, சூடாக இருந்த தோசையை மூன்று சாப்பிட்டார். போகும்போது வளர்மதியிடம், “இசைக்குத் தினேஷ் அண்ணன் என்றால் உயிர். கல்யாணத்துக்கு வர ஆசைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு இசைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ‘பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். இணைச்சீருக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். நீ கல்யாணத்துக்கு மட்டும் வா சாமி.’

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘ஜன்னல் சீட் போடுங்க.’

நான் அண்ணனிடம் பேசியிருக்கவில்லை. நாளைக்குப் பேசிவிடலாம் என்றுதான் அப்படி அனுப்பினேன். அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

4

விசாவுக்கு விண்ணப்பித்தபோது இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டில் எக்ஸ். விசாப் படிவத்தில் ஆண், பெண், திருநர் என்று மூன்று. எக்ஸ் கிடையாது. எங்களுக்கு விசா எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட் போனில், “சார், ஏதாவது ஒண்ணு போடுங்க, ஆனா பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகணும்” என்றார். எப்படி ஒத்துப்போகும் என்று அவரும் சொல்லவில்லை.

இசை யோசித்தார். “பொறந்தப்ப எழுதினது எனக்குப் பொருந்தல, அதனால திருநர்ங்கற பெரிய வட்டத்துக்குள்ள என்னைச் சேக்கலாம்னு சில பேரு சொல்வாங்க. ஏஜெண்டர்ல சில பேரு அதை ஒத்துக்குவாங்க, சில பேரு ஒத்துக்க மாட்டாங்க. நான் நாளுக்கு ஒரு மாதிரி நினைப்பேன். போடுங்க, இருக்கறதுல அதுதான் பொய் கம்மி.” போட்டோம். ஒரு விளக்கக் கடிதம், இன்னொரு புகைப்படம், இன்னொரு விளக்கக் கடிதம். கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது விசா வந்தது.

சேந்தமங்கலம் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டில் வந்து இறங்கியபோது தினேஷ் ஓடி வந்து இசையைத் தூக்கிச் சுற்றினான். “இசை! தலைமுடிய இப்பிடி வெட்டிருக்கற, எங்க கிளீனரு மாதிரி!” அவனுக்கு எல்லாம் தெரியும். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறவர்கள், இணைச்சீர்ப் பேச்சு மட்டும் அதில் வந்திருக்கவில்லை. அண்ணனுக்கும் சரசு அண்ணிக்கும்தான் ஒன்றும் தெரியாது. ஆஸ்திரேலியாவில் இப்போது பெண் பிள்ளைகள் முடியை இப்படித்தான் வெட்டுவார்கள் போலிருக்கிறது என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். இசையின் தமிழும் அவர்களுக்கு வேடிக்கை. ‘வயிறு முழுசா நிரம்பி இருக்குங்க, நன்றி’ என்று சாப்பாட்டில் சொல்வதைக் கேட்டு அண்ணி சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள்.

மறுநாள் அண்ணி எங்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். செவ்வாய்ப்பேட்டையில் அவர்கள் வழக்கமாக எடுக்கும் ஜவுளிக்கடை. ஆட்டோ நுழையாத சந்து, மளிகை மூட்டை இறக்குகிறவர்களை ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். மணப்பெண்ணின் கூறைச்சேலையை ஏற்கனவே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் வராது என்று நினைக்கிற ஆள் நான்.

கடைக்காரர் மெத்தையில் நாலைந்து பட்டுச்சேலையை விரித்தார். அண்ணி ஒரு மாம்பழ நிறத்தை எடுத்தாள். “அம்மிணி, இக்கட்டால கண்ணாடிகிட்ட வா சாமி. இணைச்சீருக்கு நிக்கறப்ப இது எடுப்பா இருக்கும். ஏனுங்க, சித்த மேல போட்டுக் காட்டுங்க.”

கடைக்காரர் பழக்கப்பட்ட கையால் சேலையை இசையின் தோளில் போட்டு, கண்ணாடி முன் திருப்பினார். கண்ணாடிக்குள்ளிருந்து இசை என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கோபம் இல்லை. இவ்வளவுதானா நீங்கள் என்கிற பார்வை.

“நல்லா இருக்குங்க பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, சேலையை மெதுவாக எடுத்து மடித்து மெத்தையில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வளர்மதி என்னைப் பார்த்தாள். அவளிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன்.

சந்தில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் இசை. “நீங்க சொல்லவே இல்லையா?”

“இல்ல சாமி.”

“அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கு அது நெடியால் மட்டும் இல்லை.

“இன்னைக்குச் சொல்லிடறேன்” என்றேன். 

“நான் கேக்கலப்பா. சொன்னாச் சொல்லுங்க” என்றார். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

5

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ரிக் வண்டி நிறுத்துகிற களத்தில் இருந்தார். மழைக்காலம் என்பதால் வண்டி இரண்டும் ஊரில் நின்றன. கம்ப்ரசருக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், “வா தம்பி, இந்த ஓசு பைப்பு கசியுது, என்னன்னு பாரு” என்றார். கசிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். இசை பெண் இல்லை, ஆணும் இல்லை, அப்படி எந்த உணர்வும் அவருக்குள் இல்லை என்று சொன்னேன். அண்ணன் கம்ப்ரசரை விட்டு நிமிர்ந்தார்.

“சீக்கா?”

“இல்லீங்ணா. டாக்டருகிட்டப் போற சமாச்சாரமே இல்ல.”

“அப்ப திருநங்கைங்களா?”

“அதும் இல்லீங்ணா.” வளர்மதிக்கு இசை சொன்னதை அப்படியே சொன்னேன். தாலுகாவையும் சொன்னேன். ஒரே தாலுகாவுக்குள் இருக்கிற வேறு ஊர்க்காரர் என்று ரோவனைப் பற்றியும், அந்த மூன்று நிறப் பட்டையைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் முகம் தெளிந்தது. “அடப்பாவி, இதுக்கா இப்பிடி முழிக்கற? அந்த ரோவன் ஒரு நாளைக்குப் பொண்ணா இருக்குதுல்ல? நம்ம அம்மிணியும் அன்னைக்கு ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போவுது. தாலி கட்டுனதுக்கப்பறம் எப்பிடியோ இருந்துக்கட்டும், நானு ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

என் வாயிலிருந்து வந்தது அவர் வாயிலிருந்து வந்தபோது எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் பொல்லாதவர் இல்லை. நானும் இல்லை. அடுத்தவர் மனசுக்குள் இருப்பதை நம் வசதிக்கு நகர்த்தி வைக்கலாம் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தோம்.

“முடியாதுங்ணா. ரோவனாலயே கேட்ட அன்னைக்கு மாற முடியாது. அது தானா வாரது, தானாப் போறது. இசைக்கு அப்பிடி வாரதே கெடையாது. இன்னைக்கு இல்ல, நாளைக்கு இல்ல, முகூர்த்தத்தன்னைக்கும் இல்ல.”

“பத்திரிக அடிச்சாச்சு. ஆயிரம் ஊட்டுக்குக் குடுத்தாச்சு. உன்ற பொண்ணு பேரு அதுல இருக்குது.”

“எனக்குப் பொண்ணு இல்லீங்ணா” என்றேன். “பையனும் இல்ல. ஒரு கொழந்த இருக்குது. பேரு இசை. அவ்வளவுதாங்ணா.”

ஐம்பத்து நாலு வயதில் அண்ணனுக்கு எதிராக நான் பேசிய முதல் பேச்சு அது. அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சரி. எங்க சரசோட அக்கா மக சுகன்யா இருக்குறா. அவள நிறுத்திக்கலாம். ஆனா ஒண்ணு. பெத்த பொண்ண வச்சுட்டு ஊராம் புள்ளைய நிறுத்துறாங்களேன்னு சனம் கேக்கும். நீ மேடைல நின்னா உன்னையத்தான் கேக்கும். நானு என்ன பதிலு சொல்றது? நீ கீழயே உக்காந்துக்க.”

“சரிங்ணா” என்றேன். இந்தத் தடவை என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். வலித்தது. தினேஷ் பிறந்தபோது அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தவன் நான்.

ஓஸில் கிளாம்ப் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு வந்தேன்.

6

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். வளர்மதி பெண்களோடு முன்னால் இருந்தாள். என்னை ஒவ்வொருவராக வந்து, “ஏனுங்க, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா இங்க உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார்கள். இடுப்பு வலி என்றேன். அது பொய்யும் இல்லை.

இசை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, தினேஷ் எடுத்துக் கொடுத்த வேட்டி. வேட்டி கட்டியதால் அவர் ஆணாகிவிடவில்லை. மாம்பழப் பட்டு கட்டியிருந்தால் பெண்ணாகியிருக்கவும் மாட்டார். இது இப்போது எனக்குப் படிக்காமலே புரிகிறது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது இல்லை.

“நீங்க ஏன் மேல போகல?”

“கூப்புடல.”

“தினேஷ் அண்ணா சொன்னாங்க. களத்துல பெரியப்பாகிட்ட நீங்க சொன்னதை. பெரியப்பா அண்ணாகிட்டச் சொல்லி அழுதாராம்.”

அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. இசை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். எங்கள் தோள்கள் ஒட்டியிருந்தன. எனக்கு அது போதும் என்று இருந்தது. பிள்ளையை நான் தொலைக்கவில்லை.

மேடையில் இணைச்சீர் ஆரம்பித்தது. அருமைக்காரர் தினேஷின் கக்கத்தில் கூறைச்சேலை முனையை வைத்தார். மறுமுனையைச் சுகன்யா பிடித்தாள். கல்லூரியில் படிக்கிற பெண், தினேஷை வருஷத்தில் இரண்டு தடவை பார்த்திருப்பாள். என்ன செய்வது என்று தெரியாமல் வீடியோக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தினேஷ் தலையைத் தூக்கி மண்டபம் முழுக்கத் தேடினான். எங்களைக் கண்டுபிடித்ததும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அருமைக்காரர் அவன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினார்.

இசை அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை. சட்டைக் கையால் துடைத்தார்.

“விடு சாமி” என்றேன். “உனக்குப் பிடிக்காத ஒண்ணு, அதுல இருந்து தப்பிச்சாச்சு.”

இசை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குப் பிடிக்கலைன்னு எப்பப்பா சொன்னேன்? பொண்ணா நிக்க முடியாதுன்னுதான் சொன்னேன். அந்தச் சேலைய நான் பிடிச்சிருப்பேன். இந்த வேட்டியோட, இசையா நின்னு பிடிச்சிருப்பேன். அது என் அண்ணன்.”

நாதஸ்வரம் சத்தமாக இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பெண்ணாக நிற்பது, இல்லாவிட்டால் நிற்காமலே இருப்பது. இத்தனை மாதமும் அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நான் மெல்போர்னுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் அல்லாடியிருக்கிறேன். அதுவும் இரண்டு கட்டத்திலும் அடங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு.

“ஏன் சாமி அதை என்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையேப்பா” என்றார் இசை. மேடையில் சுகன்யா சேலை முனையை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.